வாட்ஸாப்பில் போட்டோவும் வீடியோவும் ஏன் சுருங்குகின்றன? பிரிண்ட்டுக்கு ஒரிஜினலை அனுப்புவது எப்படி? எங்கள் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன்ல பார்த்தா படம் பளிச்னு இருக்கு. வாட்ஸாப்ல வந்ததுதான். ஆல்பத்துக்கு மட்டும் ஏன் பத்தாதுன்னு சொல்றீங்க?

போன் திரை உள்ளங்கை அகலம். குறுக்கே ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள்தான் அதில் உண்டு. வாட்ஸாப் வழியாக எங்களுக்கு வரும் படங்களில் நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 புள்ளிகள் இருக்கும். சிலது 2048 வரை வரும். திரைக்கு அது தாராளம்.

காகிதத்தின் கணக்கு வேறு. ஆல்பத் தாளின் ஒரு பக்கம் 12×18 அங்குலம். இன்றைய சாதாரண போன் எடுக்கும் படம் 4000×3000 புள்ளிகள், அதாவது 1.2 கோடி. 4000 புள்ளிகளை 18 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 222 விழும். கையில் வைத்துப் புரட்டும் ஆல்பத்துக்கு 200க்கு மேல் இருந்தால் நன்றாக வரும். அதே படம் வாட்ஸாப்பில் 1600×1200 ஆகி வந்தால் மொத்தமே 19 லட்சம் புள்ளிகள்தான். 18 அங்குலத்தில் அங்குலத்துக்கு 89. அந்த அளவில் கண்ணிமை முடி எல்லாம் ஒரே கோடாகிவிடும், மல்லிகைப்பூ வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

ஆனால் ஒன்று. 4×6 அங்குலச் சின்ன பிரிண்ட்டுக்கு அதே வாட்ஸாப் படம் போதும். 1600ஐ ஆறால் வகுத்துப் பாருங்கள், 266 வருகிறது. அதனால் சின்ன அளவு கேட்டு வந்தால் நாங்கள் ஒன்றும் சொல்லாமல் போட்டுக் கொடுத்துவிடுவோம். பெரிய அளவு, அல்லது கூட்டத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டியெடுப்பது, இந்த இரண்டுக்கும்தான் ஒரிஜினல் கேட்போம்.

எதுக்கு இப்படிச் சுருக்கணும்? நெட் பேக்தான் தாராளமா இருக்கே.

ஒரு குடும்பக் குழுவில் 200 பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். 4 எம்பி படம் ஒன்றைப் போட்டால் 200 போன்களுக்குப் போய் இறங்கும்போது 800 எம்பி. அதையே 250 கேபி ஆக்கிவிட்டால் மொத்தம் 50 எம்பி. காலை வணக்கப் படம் மட்டுமே ஒரு நாளைக்கு இருபது வரும் குழுக்களை நினைத்துக்கொள்ளுங்கள். அனுப்புகிறவர் காத்திருக்கும் நேரம், வாங்குகிறவர் டேட்டா, அவர் போனில் அடையும் இடம் எல்லாம் இதில்தான் மிச்சமாகிறது. நியாயமான காரணம்தான், எனக்கு அதில் குறை இல்லை.

அந்தச் சுருக்கும் வேலை எங்கே நடக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. யூடியூபில் வீடியோ ஏற்றினால் ஒரிஜினல் அப்படியே அவர்கள் சர்வருக்குப் போகும். அங்கே வைத்துப் பல அளவுகளில் நகல் எடுத்து, பார்க்கிறவர் நெட்டுக்கு ஏற்ற நகலைத் தருவார்கள். வாட்ஸாப்பில் அது முடியாது. அனுப்பும் செய்தியை உங்கள் போனே பூட்டிவிடுகிறது, வாங்குகிறவர் போனில்தான் அது திறக்கும். நடுவில் இருக்கும் சர்வருக்கு அதைத் திறந்து உள்ளே இருக்கும் படத்தைப் பார்க்க வழியில்லை. அதனால் பூட்டுவதற்கு முன்பே, உங்கள் போனுக்குள்ளேயே படத்தைச் சுருக்கியாக வேண்டும்.

‘வாட்ஸாப்பில் எங்காவது ஒரிஜினல் இருக்குமே, அதை எடுங்க’ என்று கேட்கிறவர்களுக்கும் இதுதான் பதில். அது எங்கேயும் இல்லை. உங்கள் போனை விட்டுக் கிளம்பியதே சின்னப் படம்தான்.

சுருக்கும்போது படத்தில் எது போகுது?

முதலில் புள்ளிகள். அதை மேலே பார்த்தோம். அப்புறம் மிஞ்சிய புள்ளிகளையும் இறுக்கிக் கட்டுகிறது. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்திலும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத நுணுக்கங்களைக் கழித்துக்கட்டும். எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு கழியும். வெளிச்சத்தை ஓரளவு விட்டுவைத்து, நிறத்தை இன்னும் அதிகமாகக் குறைக்கும். நம் கண் வெளிச்ச மாற்றத்தைக் கூர்மையாகப் பார்க்கும், நிற மாற்றத்தை அவ்வளவாகக் கவனிக்காது என்ற துணிச்சல்தான்.

நம் ஊர்க் கல்யாணப் படத்தில் அந்தத் துணிச்சல் பலிப்பதில்லை. அரக்குப் பட்டில் தங்க ஜரிகை போட்ட கரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரிஜினலில் ஜரிகை இழை தனியாக, பட்டு தனியாகத் தெரியும். சுருங்கிய படத்தில் அரக்கு நிறம் ஜரிகைக்குள் கசிந்து, கரை முழுக்கச் செம்பு மாதிரி மங்கிக் கிடக்கும். முகம் நன்றாக இருக்கிறதே என்று நம்பி ஆல்பத்தில் போட்டால், ‘புடவைக் கலர் மாறிப்போச்சே’ என்று பெண் வீட்டார் வந்து நிற்பார்கள்.

வீடியோ ஏன் போட்டோவைவிட மோசமா வருது? அதுவும் தாலி கட்டுற நேரத்துல!

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள், அந்த நேரத்தில்தான் கெடும். வீடியோவில் ஒவ்வொரு பிரேமையும் முழுதாக வைப்பதில்லை. முந்தைய பிரேமிலிருந்து எது நகர்ந்தது, எது மாறியது என்பதை மட்டும் எழுதி வைக்கும். மணமக்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும்வரை மாற்றம் குறைவு, படமும் தெளிவு. கெட்டிமேளம் கொட்டியதும் நாலா பக்கத்திலிருந்தும் அட்சதையும் பூவும் பறக்கின்றன. ஒவ்வொரு அரிசியும் ஒரு திசையில் போகிறது, முந்தைய பிரேமைப் பார்த்து எழுத ஒன்றுமே இல்லை. நொடிக்கு இவ்வளவு டேட்டாதான் என்று வாட்ஸாப் ஒதுக்கிய அளவு போதாமல் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. அட்சதை விழுந்து முடிந்ததும் தானாகத் தெளிந்துவிடும். தாலி கட்டிய அந்த ஐந்து வினாடிதான் போச்சு.

கணக்கும் பாருங்கள். ஐபோனில் 4கே வீடியோ, வினாடிக்கு 30 பிரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. மூன்று நிமிடம் எடுத்தால் 510 எம்பி. அந்த வீடியோவில் 2160 வரிகள் உண்டு. வாட்ஸாப்பில் வீடியோவாகவே அனுப்பினால் பெரும்பாலும் 480 வரியாகிவிடும், HD போட்டால் 720 அளவில் நிற்கும். கல்யாண மண்டபத்தில் பெரிய டிவியில் ஓடவிடுகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

HD-னு ஒண்ணு வந்திருக்கே, அதைப் போட்டா போதாதா?

2023 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. முன்பைவிட எவ்வளவோ மேல். `Settings` → `Storage and data` → `Media upload quality` போய் `HD quality` வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியதில்லை. உறவினர்களுக்கு அனுப்ப நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் HD என்றாலும் படம் மறுபடி ஒருமுறை இறுக்கப்பட்டுத்தான் வெளியே போகிறது. 8×12 வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் ஆவணமாக அனுப்புங்கள்.

ஆவணமா எப்படி அனுப்புறது?

கேலரியில் படத்தைத் திறந்து `Share` தட்டி வாட்ஸாப்பைத் தேர்ந்தெடுத்தால் அது படமாகத்தான் போகும், சுருங்கும். அந்த வழி வேண்டாம். வாட்ஸாப்பில் எங்கள் எண்ணின் சாட்டைத் திறந்து, கீழே இருக்கும் ஜெம் கிளிப் குறியைத் தட்டுங்கள் (ஐபோனில் `+`). வருகிற பட்டியலில் கேலரி வேண்டாம், `Document` எடுங்கள். ஆண்ட்ராய்டில் `Browse other docs` என்று இருக்கும். அதற்குள் `DCIM`, அதற்குள் `Camera`. கல்யாணத் தேதிப் படங்களை ஒன்றை அழுத்திப் பிடித்து வரிசையாகத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். புதிய பதிப்புகளில் `Document` உள்ளேயே கேலரியிலிருந்து எடுக்கும் வழியும் வந்துவிட்டது.

இப்படிப் போகும் கோப்பை வாட்ஸாப் திறந்துகூடப் பார்க்காது. பூட்டி அப்படியே அனுப்பும். பைட் மாறாமல் வந்து சேரும். ஒரு கோப்பு 2 ஜிபி வரை போகலாம், 2022க்கு முன் 100 எம்பிதான் இருந்தது. மேலே சொன்ன 510 எம்பி வீடியோவும் ஒரே கோப்பாகப் போய்விடும். நேரம்தான் எடுக்கும். ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் இருந்தால் ஏழு நிமிடம், 2 எம்பிபிஎஸ் என்றால் அரை மணிக்கும் மேல். ஏற்றும்போது வேறு ஆப்புக்குப் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தால் சில போன்கள் நடுவில் நிறுத்திவிடும். வைஃபையில் வைத்து, அந்தத் திரையிலேயே விட்டுவிடுங்கள்.

ஆவணமாத்தான் அனுப்பினேன். அப்பவும் சின்னதுன்னு சொல்றீங்களே?

வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படி வருகிறார்கள். அனுப்பிய முறை சரி, எடுத்த படம் தப்பு. அத்தை வாட்ஸாப்பில் அனுப்பி, உங்கள் கேலரியில் வந்து உட்கார்ந்த படத்தை ஆவணமாக அனுப்பியிருப்பீர்கள். ஏற்கெனவே சுருங்கியதைச் சுருங்காமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கோப்பின் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். ஆண்ட்ராய்டில் பெயர் இப்படி இருந்தால் அது வாட்ஸாப்பில் படமாக வந்தது:

```
IMG-20240512-WA0003.jpg
```

நடுவில் நிற்கும் `WA` என்ற எழுத்துதான் அடையாளம். கம்ப்யூட்டரில் இறக்கியதென்றால் `WhatsApp Image` என்றே தொடங்கும். கேமராவில் எடுத்த படத்தின் பெயரில் எடுத்த நாளும் மணியும் இருக்கும்:

```
20240512_064218.jpg
```

பெயர் மாற்றியிருந்தால் கேலரியில் படத்தின் விவரத்தைத் திறந்து இரண்டு எண்களைப் பாருங்கள். அளவு எம்பியில் இருக்கிறதா, கேபியில் இருக்கிறதா? புள்ளிகள் 4000 பக்கமா, 1600 பக்கமா? ஸ்கிரீன்ஷாட்டும் இதே வகைதான். போன் திரையின் அளவுதான் அதில் இருக்கும்.

முன்னூறு போட்டோ இருக்கு. ஒவ்வொண்ணா ஆவணமா அனுப்ப முடியுமா?

வேண்டாம், இருவருக்கும் பைத்தியம் பிடிக்கும். லிங்க் அனுப்புங்கள்.

கூகுள் டிரைவ் ஆப்பில் `+` தட்டி ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் படங்களை ஏற்றுங்கள். டிரைவ் எதையும் சுருக்காது. ஏற்றி முடிந்ததும் ஃபோல்டரின் பகிர்வு அமைப்பில் `General access` என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே முதலில் `Restricted` என்றுதான் இருக்கும். அதை `Anyone with the link` ஆக்கி, பக்கத்தில் `Viewer` வைத்து, லிங்க்கை நகலெடுத்து எங்களுக்கு வாட்ஸாப்பில் போடுங்கள்.

இந்த ஒரு இடத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். `Restricted` என்றே விட்டுவிட்டால் எங்கள் திரையில் `You need access` என்று வரும். நாங்கள் அனுமதி கேட்டுத் தட்டுவோம், அந்த மின்னஞ்சலை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள், மறுநாள் ‘ஆல்பம் ரெடியா’ என்று போன் வரும். லிங்க்கை அனுப்புவதற்கு முன் வேறு ஒருவர் போனில் திறந்து பாருங்கள். வேலை முடிந்ததும் மறுபடி `Restricted` ஆக்கிவிடுங்கள். அந்த லிங்க் யார் கைக்குப் போனாலும் திறக்கும்.

வாங்குகிறவர் பக்கத்திலும் ஒரு கவனம் வேண்டும். டிரைவில் திரையில் காட்டுவது முன்னோட்டம்தான். வீடியோ ஏற்றிய புதிதில் மங்கலாக ஓடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இறக்கினால்தான் ஒரிஜினல் வரும். பெரிய ஃபோல்டரைக் கம்ப்யூட்டரில் இறக்கும்போது இரண்டு மூன்று ஜிப்பாகப் பிரிந்து வரும், ஒன்றை மட்டும் பிரித்துவிட்டு ‘பாதி காணோம்’ என்று சொல்லக்கூடாது. (சொன்னது நான்தான். வாடிக்கையாளரைத் திட்டியும் விட்டேன்.) அதனால் எத்தனை படம் ஏற்றினீர்கள் என்ற எண்ணையும் லிங்க்கோடு எழுதி அனுப்புங்கள்.

டிரைவ் எதுக்கு? கூகுள் போட்டோஸ்லதான் எல்லாம் இருக்கே.

இருக்கிறது, எந்தத் தரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பேக்கப் அமைப்பில் `Storage saver` என்று இருந்தால் அதுவும் சுருக்கியதுதான். 16 மெகாபிக்சலுக்கு மேலான படத்தை 16க்குக் கொண்டுவரும், 4கே வீடியோவை 1080க்கு இறக்கும். போட்டோவுக்குப் பெரிய பாதகமில்லை, வாட்ஸாப் படத்தைவிடப் பல மடங்கு மேல். வீடியோவுக்குத்தான் இழப்பு. `Original quality` என்றால் அப்படியே இருக்கும், ஆனால் மின்னஞ்சல், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவசம் 15 ஜிபிதான். கல்யாண வீடியோ இரண்டு மூன்று ஏற்றினாலே நிறைந்துவிடும்.

போனில் இடம் இல்லை என்று `Free up space` தட்டுவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். `Storage saver` வைத்துவிட்டுப் போனில் இருப்பதை அழித்தால் ஒரிஜினல் உலகத்திலேயே இல்லாமல் போகும்.

ஆவணமா அனுப்பினா எங்க வீடு எங்க இருக்குன்னு தெரிஞ்சிடுமாமே?

உண்மைதான். கேமராவில் இருப்பிடப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த இடம், நேரம், போன் மாடல் எல்லாம் கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும். படமாக அனுப்பும்போது வாட்ஸாப் அதை உரித்துவிடுகிறது. ஆவணமாகவோ டிரைவ் லிங்க்காகவோ அனுப்பினால் அது கூடவே வரும். எங்களுக்கு எடுத்த நேரம் ரொம்பப் பயன்படும், சடங்கு வரிசைப்படி ஆல்பத்தை அடுக்கலாம். ஆனால் தெரியாதவருக்கு, உதாரணமாகப் பழைய பைக் வாங்க வருகிறவருக்கு, வீட்டு வாசலில் எடுத்த படத்தைச் சாதாரணப் படமாகவே அனுப்புங்கள். அங்கே சுருங்குவதே நல்லது.

ஐபோன்ல எடுத்தது உங்க கம்ப்யூட்டர்ல திறக்கலைன்னு சொன்னீங்களே?

ஐபோன் படம் `.HEIC` என்ற வகையில் சேமிக்கும். எங்கள் பக்கம் மாற்றிக்கொள்வோம், கவலை வேண்டாம். வேறு கடைக்குக் கொடுப்பதென்றால் எடுப்பதற்கு முன்பே `Settings` → `Camera` → `Formats` போய் `Most Compatible` வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்தது யாருன்னே தெரியலை. வாட்ஸாப் படம் மட்டும்தான் இருக்கு. தெளிவாக்க ஏதாவது ஆப் இருக்கா?

இருக்கின்றன. புள்ளியைப் பெருக்கித் தரும், ஆனால் போன புள்ளி திரும்பி வராது. இல்லாத இமையையும் தோல் சுருக்கத்தையும் அதுவே ஊகித்து வரையும். நிலக்காட்சிக்குச் சரி. முகத்துக்குப் போட்டால் வேறு யாரோ மாதிரி ஆகிவிடும், வீட்டுக்காரர்கள் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரிஜினலைத் தேடுவதுதான் வழி. போன வருடம் ஒருவர் தாத்தாவின் கண்ணீர் அஞ்சலிப் படத்துக்கு வந்தார். 10×12 பிரேம். இருந்தது பேத்தி கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ ஒன்றுதான், தாத்தா ஓரத்தில் நின்று சிரிக்கிறார். முகம் படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. வாட்ஸாப் படத்தில் அது 160 புள்ளி. பிரேமில் முகம் நாலு அங்குல அகலம் வர வேண்டும், அங்குலத்துக்கு 40 புள்ளிதான் விழும். போட்டுக் காட்டினேன், கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புச் சதுரம்.

அவர் போனில் அந்தப் படத்தின் மேல் `Forwarded` என்று இருந்தது. அப்படி இருந்தால் அனுப்பியவர் எடுத்தவர் இல்லை. வெறுமனே முன்னனுப்பும்போது படம் மறுபடி சுருங்காது, அதே கோப்புதான் கைமாறும். ஆக எத்தனை பேரிடம் கேட்டாலும் அதே 160 புள்ளிதான் கிடைக்கும். கல்யாணக் குழுவில் அந்தத் தேதிக்கு மேலே ஏறிப் போய், `Forwarded` இல்லாமல் முதலில் போட்டது யார் என்று தேடச் சொன்னேன். மாப்பிள்ளையின் சித்தப்பா மகன். அந்தப் பையன் போன் மாற்றியிருந்தான், ஆனால் கூகுள் போட்டோஸில் `Original quality` வைத்திருந்தான். போனுக்கு இறக்கி, `Document` வழியாக அனுப்பினான்.

4.1 எம்பி. 4000×3000. முகம் 400 புள்ளி, அங்குலத்துக்கு 100. ஆல்பத்துக்கு அது போதாது, சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்குப் போதும். மேட் தாளில் போட்டேன். தாத்தாவின் மூக்குக்கண்ணாடியில் எதிரே நின்று படம் எடுக்கும் பையனின் நிழல்கூட விழுந்திருந்தது.